டிரேடிங் ஆப் அவசரப்படுத்தும்போது கையை நிதானமாக வைத்திருக்க

பங்கு வாங்கி விற்க முதன்முதலாக ஒரு ஆப்பைப் போனில் ஏற்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்பது இதில் இல்லை. தேவைக்கு மேல் வாங்கி விற்க வைக்கும்படி அந்த ஆப் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க எந்த வரிசையில் என்னென்ன செய்யலாம் என்பது மட்டும்தான்.

தெரிந்த தம்பி ஒருவர் ஆப் வைத்து மூன்று மாதம் ஆனபோது என்னிடம் பேசினார். "பெருசா ஒண்ணும் டிரேட் பண்றதில்லண்ணா, வாரத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு" என்றார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அன்று செய்ததைத்தான் முதல் படியாகச் சொல்லப்போகிறேன். ஏனென்றால் எதை மாற்றுவதற்கும் முன்னால் உங்கள் உண்மையான எண்ணிக்கை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் எண்ணுங்கள்

எல்லா ஆப்பிலும் பழைய ஆர்டர்களின் பட்டியல் எங்கேயாவது இருக்கும். பெரும்பாலும் முகப்பில் இருக்காது. கணக்கு, அறிக்கைகள், வரலாறு என்று இரண்டு மூன்று திரை உள்ளே போக வேண்டியிருக்கும். அங்கிருந்து கடைசி மூன்று மாதப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கை வாங்கி, அதையே விற்று முடித்தால் அது ஒரு சுற்று. எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்.

தம்பியின் கணக்கில் 13 வாரத்தில் 39 சுற்று இருந்தது. அதாவது வாரத்துக்கு மூன்று. 39-ல் 26 வாங்கிய அன்றே விற்றவை. பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன் வாங்கினேன்" என்று ஒரு கட்டம் போட்டோம். 23 வரிகளுக்கு அவரால் ஒரு வார்த்தைகூட எழுத முடியவில்லை. சில பங்குகளின் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்து செலவு. இதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ஆப்பில் "தரகு இல்லை" என்று போட்டிருப்பதால் வாங்கி விற்பது இலவசம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் ஒரு பங்குக்கு இரண்டு விலை உண்டு: நீங்கள் வாங்கினால் கொடுக்க வேண்டிய விலை ஒன்று, விற்றால் கிடைக்கும் விலை இன்னொன்று. வாங்கும் விலை 100.20, விற்கும் விலை 100.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அடுத்த நொடியே விற்றால், சந்தை அசையாமலே 0.20 போய்விட்டது. இந்த இடைவெளி எந்த ரசீதிலும் தனி வரியாக வராது. நிறையப் பேர் வாங்கி விற்கும் பெரிய நிறுவனப் பங்கில் இது மிகச் சிறியது. சின்ன நிறுவனப் பங்கிலும், சந்தை திறந்த முதல் சில நிமிடங்களிலும் பல மடங்கு விரியும்.

தம்பியின் பங்குகளுக்கு இந்த இடைவெளி, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 0.3 சதவீதம் என்று தோராயமாகக் கணக்கிட்டோம். ஒவ்வொரு முறையும் தன் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டிருந்தார். அவருடைய மொத்தப் பணத்தை 100 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 20. 39 சுற்றுக்கு 780. அதில் 0.3 சதவீதம் என்றால் 2.34. இதே வேகத்தில் ஓராண்டு போனால் 9.36. அதாவது கையிலிருக்கும் பணத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு, லாப நஷ்டத்துக்கு முன்பே கரைந்துபோகும். அந்த மூன்று மாதத்தில் அவருடைய விலைக் கணிப்புகள் சேர்ந்து அவருக்கு 1.1 லாபம்தான் தந்திருந்தன. செலவைக் கழித்தால் 1.24 நஷ்டம். மாதத்துக்கு ஒரு சுற்று மட்டும் செய்திருந்தால் ஓராண்டின் மொத்தச் செலவே 0.72-தான் வந்திருக்கும்.

அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வர்த்தகத்தை 1991 முதல் 1996 வரை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் வளர்ந்தது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். கைப்பேசி ஆப் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

எது உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்

எண்ணிக்கை கையில் வந்த பிறகு ஆப்பைத் திறந்து, எதையும் வாங்காமல், பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு கடையை வாங்குபவராக இல்லாமல், அதை அடுக்கியவரின் கண்ணால் பார்ப்பது மாதிரி.

முகப்பில் முதலில் கண்ணில் படுவது எது? பெரும்பாலும் "இன்று அதிகம் ஏறியவை", "எல்லோரும் வாங்குபவை" போன்ற பட்டியல்தான். உங்கள் மொத்தப் பணம் பெரிய எழுத்தில், ஒவ்வொரு நொடியும் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருக்கும். வாங்குவதற்கு ஒரே ஒரு இழுப்பு போதும். வாங்கியதும் ஏதாவது அசையும், மின்னும், ஒலிக்கும். தொடர்ந்து ஏழு நாள் திறந்தால் ஒரு பதக்கம், நண்பரைச் சேர்த்தால் கீறிப் பார்க்க ஒரு அட்டை, உள்ளே ஏதோ ஒரு பங்கு. அந்தப் பரிசு எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் மனிதரும் விலங்கும் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது உளவியலில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே விதியில்தான்.

அமெரிக்காவின் ராபின்ஹுட் ஆப்பில் முதல் வர்த்தகம் போன்ற தருணங்களில் திரை முழுக்க வண்ணக் காகிதத் துகள்கள் கொட்டும். 2020 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலக் கண்காணிப்பாளர்கள் இந்த மாதிரி விளையாட்டுத் தன்மையைக் குறிப்பிட்டே அந்த நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் நிறுவனம் அந்தத் துகள்களை எடுத்துவிட்டது. அந்தத் துகள் மட்டும் போனதில் பெரிய மாற்றம் வந்துவிடாது என்பது என் கருத்து. பளபளப்பாக இருந்ததால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. சத்தமில்லாமல் வேலை செய்யும் மற்றவை பல ஆப்களில் இன்னும் இருக்கின்றன.

அவை உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஒரு சோதனை செய்து 2022-ல் முடிவை வெளியிட்டது. மாதிரி வர்த்தகத் தளம் ஒன்றை உருவாக்கி, சிலருக்கு மட்டும் வாங்கி விற்கும்போதெல்லாம் புள்ளிகள் கொடுத்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு மதிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். "அதிகம் வர்த்தகமாகும் பங்குகள்" பட்டியலைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டியலிலுள்ள பங்குகளில் 14 சதவீதம் கூடுதலாக வர்த்தகம் செய்தார்கள்.

ஆப் ஏன் இதைச் செய்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். சில நாடுகளில், உங்கள் ஆர்டரை நிறைவேற்றும் பெரிய நிறுவனம் அதற்காகத் தரகருக்குப் பணம் தருகிறது. ஆர்டர் கூடக்கூட வருமானம் கூடும். பிரிட்டன் இதை அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது. உங்கள் ஆப் எதிலிருந்து சம்பாதிக்கிறது என்று அதன் கட்டணப் பக்கத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் அதற்குக் காசு என்றால், அடிக்கடி ஆர்டர் போடச் சொல்லும் அறிவிப்பை நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள்.

அறிவிப்புகளைப் பிரித்து அணையுங்கள்

இங்கே பலர் செய்யும் தவறு, கோபத்தில் எல்லா நோட்டிஃபிகேஷனையும் ஒரேயடியாக அணைத்துவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள். புதிய இடத்திலிருந்து யாரோ உங்கள் கணக்கில் நுழைந்தால், பணம் வெளியே போனால், நீங்கள் போட்ட ஆர்டர் நிறைவேறினால், கடன் வாங்கி வர்த்தகம் செய்பவராக இருந்து கூடுதல் பணம் கட்டச் சொன்னால், அந்தச் செய்தி உங்களுக்கு வந்தே ஆக வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் அணைக்கலாம்: விலை ஏறியது, இறங்கியது, இன்றைய நாயகன், உங்கள் நண்பர்கள் வாங்கியது, சலுகை, பதக்கம், வாராந்திர தரவரிசை. போனின் பொது அமைப்பில் அணைக்காமல் ஆப்பின் உள்ளே போய் ஒவ்வொன்றாக அணைத்தால்தான் இந்தப் பிரிவினை சாத்தியம். அப்புறம் மின்னஞ்சல் பக்கமும் பாருங்கள். ஆப்பில் அணைத்தது அங்கே வேறு பெயரில் வரும். ஆப்பை அப்டேட் செய்த பிறகு சில சமயம் புது வகை அறிவிப்பு ஒன்று சேர்ந்து, தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் மாதம் ஒரு முறை இந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

வழியைக் கொஞ்சம் நீளமாக்குங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

அதே பார்பரும் ஓடீனும் இன்னொரு ஆய்வில், தொலைபேசி மூலம் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்து பிறகு இணைய வர்த்தகத்துக்கு மாறிய 1,607 பேரைப் பார்த்தார்கள். மாறுவதற்கு முன் இவர்கள் சந்தையைவிட ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேல் முன்னால் இருந்தார்கள். மாறிய பின் 3 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கினார்கள். வேகமாகவும் சுலபமாகவும் வாங்கி விற்க முடிந்தது, அதனால் அடிக்கடி செய்தார்கள். முன்னால் பெற்ற வெற்றி தந்த அதீத நம்பிக்கையும் அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தொலைபேசியை எடுத்து, ஒரு மனிதரிடம் பங்கின் பெயரைச் சொல்லி, எத்தனை என்று அவர் திரும்பக் கேட்கும் அந்த ஒரு நிமிடம், பல ஆர்டர்களைத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தியிருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். தம்பியும் நானும் செய்தது இவ்வளவுதான். ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டு, அதே கணக்கைக் கணினியின் இணையதளத்தில் மட்டும் பயன்படுத்துவது. கடவுச்சொல்லை அங்கே சேமித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது. இணையதளம் இல்லாத ஆப் என்றால் கைரேகை, முகம் பார்த்துத் திறக்கும் வசதியை அணைத்து, ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுவது. "ஒரே தட்டில் ஆர்டர்" என்ற வசதி இருந்தால் அதை அணைத்து, உறுதிப்படுத்தும் திரை வரும்படி வைப்பது.

இதோடு ஒரு நோட்டு. வாங்க நினைத்ததும் ஆர்டர் போடாமல் நான்கு வரி எழுத வேண்டும்: எந்தப் பங்கு, எந்த விலைக்கு, எதனால், என்ன நடந்தால் விற்பேன். நான்காவது வரிதான் கடினம். "ஏறினால்" என்று எழுதினால் அது பதில் அல்ல. எந்த விலை, அல்லது நிறுவனத்தில் எந்த மாற்றம் என்று இருக்க வேண்டும். எழுதிய பிறகு ஒரு இரவு தாண்ட வேண்டும். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் ஆர்டர் போடலாம்.

ஆர்டர் போடும்போது லிமிட் ஆர்டராகப் போடுங்கள், அதாவது "இந்த விலைக்கு மேல் வாங்காதே" என்று எல்லை கட்டிய ஆர்டர். மார்க்கெட் ஆர்டர் என்றால் அந்த நொடியில் கிடைக்கும் விலைக்கு வாங்கிவிடும், முன்னால் சொன்ன இடைவெளி விரிந்திருந்தால் அதையும் சேர்த்து நீங்கள்தான் கொடுப்பீர்கள். பல ஆப்களில் மார்க்கெட் ஆர்டர்தான் முதலில் தேர்வாகி இருக்கும், கவனியுங்கள். லிமிட் ஆர்டருக்கு ஒரு குறை உண்டு: விலை உங்கள் எல்லைக்கு வராவிட்டால் வாங்கவே முடியாது. அப்படித் தவறிப்போனால் எல்லையை உயர்த்தி உயர்த்தித் துரத்தாதீர்கள். துரத்த ஆரம்பித்துவிட்டால் எழுதிய நான்கு வரிக்கு அர்த்தமில்லை.

"ஒரு நாள் காத்திருந்தா வாய்ப்பு போயிடாதாண்ணா?" என்று தம்பி கேட்டார். சில சமயம் போகும். மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரே இரவில் காலாவதியாகும் வாய்ப்பைப் பிடிக்க, முழுநேரமும் அதையே தொழிலாகச் செய்பவர்களோடும் அவர்களுடைய கணினிகளோடும் போட்டி போட வேண்டும். ஐந்து, பத்து ஆண்டு வைத்திருக்கப்போகும் பங்குக்கு ஒரு நாள் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

எப்போது பார்ப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்

வாங்காமல் சும்மா பார்ப்பதில் என்ன தப்பு என்று தோன்றலாம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை நீண்ட காலத்துக்கு எடுத்துப் பார்த்தால், நூறு நாளில் ஏறத்தாழ 53, 54 நாள் ஏற்றம், மிச்சம் இறக்கம். அதையே ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நான்கில் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஏற்றம். சந்தை அதேதான். தினமும் பார்ப்பவர் ஏறத்தாழ பாதி நாள் சிவப்பைப் பார்க்கிறார். ஒரு இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் தினமும் பார்ப்பவருக்கு மொத்தத்தில் மிஞ்சுவது வலிதான், அந்த வலி "ஏதாவது செய்" என்று கையைத் தூண்டும்.

மாதத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை மூடியிருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, எண்கள் அசையாமல் நிற்கும். அன்று நோட்டையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான்காவது வரியில் எழுதியது நடந்திருந்தால் விற்க ஆர்டர் எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது. இது நீண்ட காலத்துக்குப் பங்கு வைத்திருப்பவருக்கான வழி. கடன் வாங்கி வர்த்தகம் செய்பவரும், ஆப்ஷன், அதாவது குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம், வைத்திருப்பவரும் இப்படி மாதம் ஒரு முறை பார்த்தால் போதாது. புதியவர்கள் அந்த இரண்டையும் தொடவே வேண்டாம் என்பேன்.

எப்போது இந்தப் படிகள் போதாது

சிலருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. நீக்கிய ஆப்பை அன்று இரவே திரும்ப ஏற்றுவார்கள். விட்டதைப் பிடிக்க அடுத்த ஆர்டரை இரண்டு மடங்காகப் போடுவார்கள். கடன் வாங்கிப் போடுவார்கள், வீட்டில் எவ்வளவு போயிற்று என்று குறைத்துச் சொல்வார்கள், தூக்கத்தில் எழுந்து விலை பார்ப்பார்கள். இவற்றில் இரண்டு உங்களிடம் இருந்தாலே அமைப்புகளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பங்குகளை விற்று, பணத்தை வெளியே எடுத்து, கணக்கையே மூடச் சொல்லி எழுதுங்கள். நம்பும் ஒருவரிடம் உண்மையான தொகையைச் சொல்லுங்கள். சூதாட்டப் பழக்கத்துக்கு ஆலோசனை தருபவர்களிடம் போகலாம், அவர்களுக்கு இது புதிதல்ல. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களைத் தூண்டுவதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்து வடிவமைத்த திரையோடு நீங்கள் தனியாகப் போராடிக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள்

தம்பி திரும்ப வந்தபோது நோட்டில் 11 பதிவுகள் இருந்தன. அதில் 7-ஐ மறுநாள் காலையில் அவரே அடித்துவிட்டிருந்தார். 4 மட்டும் வாங்கப்பட்டிருந்தன, எதுவும் விற்கப்படவில்லை. அந்த நான்கும் லாபத்தில் இருந்தனவா என்றால், இரண்டு மேலே, இரண்டு கீழே. மூன்று மாதத்தில் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நிதானம் செலவைத்தான் குறைக்கும், நல்ல பங்கைத் தேர்ந்தெடுத்துத் தராது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. வாங்காததால் கணக்கில் பணம் சும்மா கிடந்தது. ஆப் அதைப் பெரிய எழுத்தில் "வாங்கும் திறன்" என்று காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் தரகர் கடனாகத் தரத் தயாராக இருந்த தொகையையும் சேர்த்து, உண்மையான பணத்தின் இரண்டு மடங்காக. பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது என்றார். அன்றே கடன் வசதியை அமைப்பில் அணைத்தோம். சும்மா கிடந்த பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பினோம். இப்போது நோட்டில் ஒரு பதிவு ஓர் இரவைத் தாண்டிய பிறகுதான், அதற்கு வேண்டிய தொகையை மட்டும் உள்ளே அனுப்புகிறார்.